“எத்தனை வீதம்?” என்று கேட்பதை முதலில் நிறுத்துங்கள்



நீளமான பதிவுதான். கடன் எடுக்க யோசிப்பவர்களும், பிணை வைக்கக் கையெழுத்துப் போடப் போகிறவர்களும் கடைசி வரை வாசியுங்கள். மற்றவர்கள் அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.

எங்கள் ஊரில் கடன் பற்றிய பேச்சு எல்லாம் ஒரே கேள்வியில் தொடங்கி ஒரே கேள்வியில் முடிகிறது. “எத்தனை வீதம்?” ஆசிரியர் ஓய்வறையிலும் அதுதான், கடைத்தெருவிலும் அதுதான். ஒருவர் “அங்க 18 வீதம்” என்பார். மற்றவர் “என்ன விசரா சேர், இங்கால 12 வீதத்துக்குத் தாறாங்க” என்பார். அதோடு முடிவெடுத்தாகிவிடும். மூன்று வருடச் சம்பளத்திலிருந்து மாதாமாதம் வெட்டப்படப் போகும் பணத்தை இரண்டு எண்களை மட்டும் பார்த்துத் தீர்மானித்துவிடுகிறோம். அந்த இரண்டு எண்களும் ஒரே பொருளை அளக்கின்றனவா என்று கூட யாரும் கேட்பதில்லை.

நான் சொல்வது இதுதான். விளம்பரத்தில் இருக்கும் வட்டி வீதத்தை வைத்து இரண்டு கடன்களை ஒப்பிடக் கூடாது. ஏ.பி.ஆர். என்று சொல்லப்படும் வருடாந்தச் செலவு வீதத்தை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். அதையும் ஒரே தொகைக்கு, ஒரே காலத்துக்கு வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். ஏன் என்பதை ஒரு கணக்கோடு காட்டுகிறேன்.

ஒரு ஆசிரியருக்கு 500,000 ரூபாய் தேவை, 36 மாதத்தில் கட்டி முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று இடங்களில் கேட்கிறார். எண்கள் நான் கணக்குக்காக வைத்தவை. ஆனால் கடன் கேட்டுப் போனவர்களுக்கு இந்த மூன்று மாதிரியும் பழக்கமானவையாகத்தான் இருக்கும்.

முதலாவது இடத்தில் 12 வீதம், பிளாட் ரேட். வேறு கட்டணம் எதுவும் இல்லை. 500,000 முழுமையாகக் கையில் வரும். மாதத் தவணை 18,889 ரூபாய்.

இரண்டாவது இடத்தில் 16 வீதம், குறைந்து செல்லும் மீதிக்கு. ஆனால் ஆவணக் கட்டணம் 12,500, கட்டாயக் காப்புறுதி 17,500, இரண்டையும் கடனிலிருந்தே வெட்டிக்கொள்வார்கள். கையில் வருவது 470,000. தவணை 17,579 ரூபாய்.

மூன்றாவது இடத்தில் 18 வீதம், குறைந்து செல்லும் மீதிக்கு. கட்டணம் 5,000 மட்டும். கையில் வருவது 495,000. தவணை 18,076 ரூபாய்.

“எத்தனை வீதம்?” என்று மட்டும் கேட்பவர் முதலாவதை எடுப்பார். தவணையை மட்டும் பார்ப்பவர் இரண்டாவதை எடுப்பார். மூன்றாவதை இருவருமே எடுக்கமாட்டார்கள். ஆனால் மூன்றிலும் மலிவானது அந்த மூன்றாவதுதான்.

எப்படி? முதலில் அந்த 12 வீதத்தைப் பார்ப்போம்.

பிளாட் ரேட் என்றால், நீங்கள் முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி நாள் வரை வட்டி. 500,000க்கு 12 வீதம் என்றால் வருடத்துக்கு 60,000. மூன்று வருடத்துக்கு 180,000. அதைக் கடனோடு கூட்டி 36ஆல் பிரித்தால் தவணை வந்துவிடும். கேட்க நேர்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் மாதாமாதம் முதலையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள். அவர்களுடைய கணக்குப்படியே ஒவ்வொரு தவணையிலும் 13,889 முதல், 5,000 வட்டி. அப்படியானால் கடைசி மாதத்தில் அவர்களுடைய பணம் உங்களிடம் மிச்சம் இருப்பது வெறும் 13,889 ரூபாய். அதற்கு அந்த ஒரு மாதத்துக்கு வட்டி 5,000 ரூபாய்! இதைத்தான் “12 வீதம்” என்கிறோம்.

உங்களிடம் உண்மையில் இருக்கும் மீதிக்கு மட்டும் வட்டி கணக்கிட்டுப் பார்த்தால், இதே தவணை வருடத்துக்கு ஏறத்தாழ 21.2 வீதமாக வருகிறது. இரண்டு முதல் நான்கு வருடக் கடன்களுக்கு ஒரு கைக்கணக்கு இருக்கிறது. பிளாட் வீதத்தை 1.8ஆல் பெருக்குங்கள். துல்லியமாக வராது, ஆனால் ஏமாறாமல் இருக்கப் போதும்.

சாதாரண தரக் கணிதத்திலேயே குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி கணக்கிடும் பாடம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதைக் கற்பிக்கிறோம், திருத்தி மார்க்ஸ் போடுகிறோம். பிறகு நாங்களே போய் பிளாட் ரேட்டில் கையெழுத்துப் போடுகிறோம்.

இனி இரண்டாவது இடம். அங்கே வட்டி வீதத்தில் பொய் இல்லை. 16 என்றால் 16தான், மீதிக்குத்தான். ஆனால் வட்டி கணக்கிடப்படுவது 500,000க்கு, உங்கள் கையில் வந்ததோ 470,000. கண்ணால் காணாத 30,000 ரூபாய்க்கும் சேர்த்து மூன்று வருடம் வட்டி கட்டுகிறீர்கள். “அது வட்டி இல்லை சேர், டொக்கியுமென்ட் சார்ஜ்” என்பார்கள். பெயர் என்னவாக இருந்தால் என்ன, கடன் எடுத்ததால்தானே அந்தப் பணம் உங்கள் பையிலிருந்து போனது? கட்டாயக் காப்புறுதியும் அப்படித்தான். அது இல்லாவிட்டால் கடன் இல்லை என்றால், அதுவும் கடனின் விலைதான். விரும்பினால் எடுக்கலாம், விட்டால் விடலாம் என்ற காப்புறுதி மட்டும்தான் வேறு கணக்கு.

ஏ.பி.ஆர். செய்வது இதைத்தான். உண்மையில் கையில் வந்தது எவ்வளவு, அதற்காகத் திருப்பிக் கொடுப்பது எவ்வளவு, எந்தெந்த மாதத்தில் கொடுக்கிறீர்கள் என்ற மூன்றையும் எடுத்து, “குறைந்து செல்லும் மீதிக்கு வருடத்துக்கு எத்தனை வீதம்” என்ற ஒரே எண்ணாக்கிவிடும். வட்டி என்றாலும் கட்டணம் என்றாலும் அதற்கு ஒன்றுதான்.

அப்படிப் பார்த்தால் மூன்று இடங்களின் நிலை இது:

12 என்று சொன்னது உண்மையில் 21.2 வீதம்.
16 என்று சொன்னது 20.5 வீதம்.
18 என்று சொன்னது 18.7 வீதம்.

விளம்பரத்தின் வரிசை அப்படியே தலைகீழாகிவிட்டது.

“வீதக் கணக்கெல்லாம் எனக்கு வேண்டாம், காசாகச் சொல்லுங்கள்” என்பவர்களுக்கு: மூன்று இடத்திலும் கையில் 500,000 முழுமையாக வர வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு ஏற்ப கடன் தொகையையும் கட்டணத்தையும் கொஞ்சம் கூட்டினால், முதலாவதில் தவணை 18,889. இரண்டாவதில் 18,701. மூன்றாவதில் 18,259. முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் மாதத்துக்கு 630 ரூபாய் வித்தியாசம். 36 மாதத்தில் 22,000 ரூபாய்க்கு மேல். “குறைந்த வீதம்” என்று நம்பியதற்கு நாங்கள் கட்டும் விலை அது.

நீங்களே பார்க்க விரும்பினால், எக்செல்லிலோ கைப்பேசியில் கூகுள் ஷீட்ஸிலோ இதை அடியுங்கள். முதல் எண் மாதங்கள், இரண்டாவது தவணை (முன்னால் கழித்தல் குறியோடு), மூன்றாவது கையில் வந்த பணம்:

```
=RATE(36,-18889,500000)*12
=RATE(36,-17579,470000)*12
=RATE(36,-18076,495000)*12
```

விடை தசமத்தில் வரும். 0.212 என்றால் 21.2 வீதம். ஒரு நிமிட வேலை. உத்தியோகத்தர் சொல்லும் எந்தப் பேச்சையும் விட இந்த ஒரு வரி உங்களுக்கு உண்மை சொல்லும்.

இது நானாகக் கண்டுபிடித்த விஷயம் அல்ல. அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இதே விளையாட்டுதான் நடந்தது. ஒரு வருடத் தவணைக் கடனுக்கு “6 வீதம்” என்று பிளாட் முறையில் சொன்னால் உண்மை விலை ஏறத்தாழ 11 வீதம். போல் டக்ளஸ் என்ற செனட்டர், அரசியலுக்கு வருமுன் பொருளியல் பேராசிரியராக இருந்தவர், எல்லாக் கடன்காரர்களும் ஒரே முறையில்தான் விலையைச் சொல்ல வேண்டும் என்று 1960இல் ஒரு சட்டமூலம் கொண்டுவந்தார். வருடக்கணக்காக அது நிறைவேறவில்லை. 1966இல் அவர் தேர்தலில் தோற்றும் போனார். ஆனாலும் 1968இல் அந்தச் சட்டம் நிறைவேறியது. ஏ.பி.ஆர். அங்கே கட்டாயமானது அப்படித்தான். விலையை மறைத்து விற்பது இலாபமாக இல்லாவிட்டால், அதை எதிர்த்து ஏன் அத்தனை வருடம் இழுத்தடிக்க வேண்டும்?

எங்கள் நாட்டில் இன்னொரு எழுத்துக் கூட்டமும் விளம்பரங்களில் வரும்: ஏ.ஈ.ஆர். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வட்டி மாதாமாதம் சேர்வதை வருடக் கணக்காக மாற்றியதுதான் ஏ.ஈ.ஆர். 18 வீதக் கடனுக்கு அது 19.56 வீதம். அதில் கட்டணங்கள் சேர்ந்திருக்கலாம், சேராமலும் இருக்கலாம். ஆகவே ஏ.ஈ.ஆர். என்று ஒரு எண்ணைக் காட்டினால், “இதற்குள் எல்லாக் கட்டணமும் காப்புறுதியும் அடக்கமா?” என்று கேளுங்கள். ஒரு இடத்தின் ஏ.ஈ.ஆரையும் இன்னொரு இடத்தின் ஏ.பி.ஆரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது, கிலோவையும் இறாத்தலையும் ஒப்பிடுவது போல.

இப்போது சிலர் கேட்பது எனக்குக் கேட்கிறது. “வட்டியே ஹராம். ஒரு முஸ்லிம் ஆசிரியர் எந்த வட்டி மலிவு என்று பாடம் எடுக்கிறாரே?”

நியாயமான கேள்வி. வட்டி ஹராம் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. எந்த வசதி ஆகுமானது என்பதை உலமாக்களிடம் கேளுங்கள், அது என் வேலை அல்ல. ஆனால் அதற்குப் பிறகும் விலை என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. இஸ்லாமிய முறையிலான வசதிகளிலும் “இலாப வீதம்” என்று ஒரு எண் சொல்லப்படுகிறது. முராபஹாவில் நிறுவனம் பொருளை வாங்கி, இலாபம் சேர்த்து, தவணைக்கு உங்களுக்கு விற்கிறது. அந்த இலாபமும் முழுத் தொகைக்கு முழுக் காலத்துக்குமாகப் பிளாட் முறையில் சொல்லப்படலாம். “12 வீத இலாபம்” என்று கேட்டுவிட்டு, “பக்கத்து வங்கியில் 18 வட்டி, நம்மட ஆட்கள் மலிவாத்தான் தாறாங்க” என்று சொல்வது மேலே நான் காட்டிய அதே தவறுதான். ஹலாலாக இருப்பது வேறு, மலிவாக இருப்பது வேறு. மார்க்கத்துக்காக ஒருவர் கூடுதலாகக் கொடுக்கலாம், அது அவருடைய ஈமான். ஆனால் எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கிறேன் என்று தெரிந்து கொடுக்கட்டும். இரண்டு இஸ்லாமிய வசதிகளை ஒப்பிடும்போதும் இதே கணக்கைப் போடுங்கள். முராபஹாவில் மூன்றாவது எண்ணாகப் பொருளின் ரொக்க விலையை வைத்து, நீங்கள் முன்பணமாகவும் கட்டணமாகவும் கொடுத்ததை அதிலிருந்து கழித்துவிடுங்கள். கடனை எழுதிக்கொள்வது பற்றிய வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். கொடுக்கல் வாங்கலில் தெளிவு இல்லாமல் இருப்பது மார்க்கப்பற்று ஆகாது.

ஏ.பி.ஆர். எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. அது ஏமாற்றும் இடங்கள் மூன்று.

முதலாவது, காலம் மாறினால். அதே மூன்றாவது இடத்தில் 36 மாதத்துக்குப் பதிலாக 60 மாதம் எடுத்தால் தவணை 12,697 ஆகக் குறையும். கட்டணம் நீண்ட காலத்துக்குப் பரவுவதால் ஏ.பி.ஆரும் 18.7 இலிருந்து 18.5 ஆக இறங்கும். பார்க்க மலிவு போல இருக்கும். ஆனால் நீங்கள் கட்டும் வட்டி ஏறத்தாழ 151,000 இலிருந்து 262,000 ஆகிவிடும். அதனால்தான் ஒரே காலத்துக்கு மட்டும் ஒப்பிடுங்கள் என்கிறேன்.

இரண்டாவது, இடையில் கட்டி முடித்தால். கடன் முழுக் காலமும் ஓடும் என்று வைத்துத்தான் ஏ.பி.ஆர். கணக்கிடப்படுகிறது. முதல் நாள் வெட்டிய 30,000 திரும்பி வராது. ஆகவே இரண்டாவது இடத்துக் கடனை ஒரு வருடத்தில் முடித்தால், அபராதம் எதுவும் இல்லாவிட்டாலும் அதன் உண்மை விலை 20.5 அல்ல, 23.7 வீதம். பிளாட் ரேட்டில் இன்னும் மோசமாகலாம். முதலாவது இடத்தில் 12 தவணை கட்டிய பிறகு முடிக்கப் போனால், நியாயமான மீதி ஏறத்தாழ 367,000. ஆனால் “மிச்சமுள்ள 24 தவணையையும் கட்டுங்க” என்று சொன்னால் 453,000க்கு மேல். இனி வரப்போகும் இரண்டு வருடத்துக்கான வட்டியையும் இன்றே கேட்கிறார்கள் என்று அர்த்தம். முராபஹாவிலும் இதைக் கவனியுங்கள். முன்கூட்டியே முடித்தால் கழிவு தருவோம் என்று எழுத்தில் இல்லாவிட்டால், தருவதும் தராமல் விடுவதும் அவர்களுடைய விருப்பமாகிவிடும்.

மூன்றாவது, வீதம் மாறக்கூடிய கடன் என்றால். இன்றைய வீதத்துக்கு மட்டும்தான் ஏ.பி.ஆர். பேசும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே தடவையில் கொள்கை வட்டி வீதங்களை 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். மாறும் வீதத்தில் எடுத்தவருக்கு அதற்கு முந்திய வருடம் பார்த்த ஏ.பி.ஆர். என்ன பாதுகாப்பைத் தந்தது? நிலையான வீதமா, மாறும் வீதமா என்பதைத் தனியாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆகவே கடன் கேட்டுப் போகும்போது “எத்தனை வீதம்?” என்று வாயைத் திறக்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அவர்களிடம் தயாரான அழகான பதில் இருக்கிறது. பதிலாக இதைக் கேளுங்கள்:

“எனக்குக் கையில் 500,000 வர வேண்டும். 36 மாதம். எல்லாக் கட்டணமும் காப்புறுதியும் சேர்த்து மாதம் எவ்வளவு? ஏ.பி.ஆர். எவ்வளவு? ஒரு வருடத்தில் முடித்தால் எவ்வளவு கட்ட வேண்டும்? இதையெல்லாம் தமிழில் எழுதித் தாருங்கள்.”

எழுதித் தரச் சொல்வதற்கு வெட்கப்பட வேண்டாம். மத்திய வங்கி 2023இல் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளை வெளியிட்டிருக்கிறது. விலையையும் கட்டணங்களையும் நிபந்தனைகளையும் வாடிக்கையாளருக்கு விளங்கும்படி முன்னரே வெளிப்படுத்த வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. நீங்கள் சலுகை கேட்கவில்லை. எழுதித் தரத் தயங்கும் இடத்தில், அந்தத் தயக்கமே உங்களுக்கான பதில்.

பிணை வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடன் எடுத்தவர் இடையில் கட்ட முடியாமல் போனால், உங்கள் வீட்டுக் கதவுதான் தட்டப்படும். “நம்மட சேர்தானே” என்று பார்க்காமலே கையெழுத்துப் போடும் பழக்கத்தை விடுங்கள். நண்பரை அவமதிப்பது ஆகாது. அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கி, கையில் வந்தது எவ்வளவு, தவணை எவ்வளவு, எத்தனை மாதம் என்ற மூன்று எண்ணையும் அந்த ஒரு வரியில் போட்டுப் பாருங்கள். 12 என்று சொன்னது 21 என்று வந்தால், கையெழுத்துப் போடுமுன் அவருக்கும் காட்டுங்கள். அவருக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி அந்தப் பிணையை விட இதுதான்.

யாராவது கடன் கடிதம் வைத்திருந்து கணக்கு விளங்காவிட்டால், பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் மறைத்துவிட்டு இந்த மூன்று எண்ணை மட்டும் கருத்துப் பகுதியில் போடுங்கள். இன்ஷா அல்லாஹ், எல்லோரும் பார்க்க அங்கேயே கணக்கிட்டுச் சொல்கிறேன்.